டைரியா, மெயிலா, ரெக்கார்டிங்கா: நடுவில் மாட்டிக்கொண்ட மேனேஜருக்கு எது உதவும்?

என் தோழி ஒருத்தி சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர். அவளுக்குக் கீழே பதினான்கு பேர், மேலே ஒரு டெலிவரி ஹெட். போன வருடம் மார்ச் 4ஆம் தேதி காலை 11 மணிக்கு ஹெட் போனில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை ரிலீஸுக்கு ஆறு பேர் வரணும். அந்த நேரத்தை டைம்ஷீட்ல போட வேணாம்னு சொல்லிடு. காம்ப் ஆஃப் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவள் தயங்கியதும், "டீமை வழிக்குக் கொண்டுவரத் தெரியலன்னா உனக்கு எதுக்கு இந்த டெசிக்னேஷன்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவளும் டீமிடம் அப்படியே சொன்னாள். ஆறு பேரும் வந்தார்கள். மூன்று வாரம் கழித்து அந்த ஆறு பேரில் ஒருவர் ஹெச்ஆருக்குப் புகார் கொடுத்தார். எங்கள் மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குகிறார், டைம்ஷீட்டில் பதியக் கூடாது என்கிறார் என்று. ஹெச்ஆர் அந்த டெலிவரி ஹெட்டைக் கேட்டது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே. அவங்க டீமை நடத்துற விதத்தைப் பத்தி எனக்கும் கொஞ்சம் கவலை இருக்கு" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

கடைசிப் படியில் இருக்கும் ஊழியரை ஒருவர் மிரட்டினால், மிரட்டியது யார் என்பதில் குழப்பம் வராது. நடுவில் இருப்பவர் கதை வேறு. மேலிருந்து வரும் உத்தரவு அவர் வாய் வழியாகத்தான் டீமுக்குப் போகிறது. பதிவு என்று ஏதாவது மிஞ்சினால் அதில் இருப்பதும் அவர் பெயர்தான். அதனால் மேனேஜர் சேர்க்கும் ஆதாரம் "என்னைத் திட்டினார்" என்று மட்டும் காட்டினால் போதாது. உத்தரவு எங்கிருந்து கிளம்பியது என்பதையும் காட்ட வேண்டும். கீழே ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த ஆதாரத்தைச் சேர்ப்பதே உங்கள் வேலைக்கு உலை வைக்குமா?

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எதற்காக எழுதிவைக்கிறோம் என்பது அதைப் பொறுத்தது. வேலையிடத்து மிரட்டலுக்கு என்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடந்த மூன்று மாதத்துக்குள் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரலாம். இந்த இரண்டிலும் சேராத வெறும் மிரட்டல், அவமானப்படுத்தல், ஒதுக்கிவைத்தல் எல்லாம் கம்பெனியின் சொந்த நடத்தை விதிகளுக்குள்தான் வரும்.

வேலையை விட்டு எடுத்தால் தொழிலாளர் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். மேனேஜர் என்றால் அங்கேயும் சந்தேகம்தான். தொழில் தகராறு சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் சரி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் 'தொழிலாளர்' கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு அதுவும் விலக்கு கொடுத்திருக்கிறது. இதில் ஒரு சின்ன இடுக்கு உண்டு. நீதிமன்றம் பார்ப்பது செய்யும் வேலையைத்தான், பதவிப் பெயரை அல்ல. 2015இல் நீக்கப்பட்ட ஒரு சென்னை ஐடி ஊழியர் விஷயத்தில், இவர் மேலாளர் நிலையில் இருந்தவர் என்ற நிறுவனத்தின் வாதத்தைத் தொழிலாளர் நீதிமன்றம் ஏற்காமல் 2022இல் மீண்டும் வேலை கொடுக்க உத்தரவிட்டது. ஏழு வருடம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் லீவு அனுமதிப்பது, ஆள் எடுப்பது, ரேட்டிங் போடுவது இவற்றில் எது உண்மையில் உங்கள் கையில் இருக்கிறது, எது மேலிருந்து முடிவாகி வருகிறது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவலாம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

டைரி

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பாதிப் பேர் தப்பாகச் செய்வதும் இதைத்தான். நானும் செய்தேன். பல வருடம் முன்பு எனக்கும் இப்படி ஒரு சீனியர் வாய்த்தார். அப்போது நான் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "இன்னிக்கும் எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தினார். தாங்க முடியல" என்ற மாதிரியே நாற்பது பக்கம். தேதி பாதி இடங்களில் இல்லை. என்ன சொன்னார் என்று எங்குமே இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு விசாரணையில் காட்ட அதில் ஒரு வரி தேறாது.

தோழி ஏப்ரலில் எழுத ஆரம்பித்தாள். அவள் நோட்டிலிருந்து ஒரு பதிவு, பெயர்களை எடுத்துவிட்டு:

"16.4, புதன், மாலை 4.20. வாராந்தர ரிவ்யூ, ஆன்லைன், ஒன்பது பேர். டெஸ்டிங் இரண்டு நாள் தாமதம் என்றேன். ஹெட்: 'உன்ன நம்பி ப்ராஜெக்டைக் குடுத்தேன் பாரு, என் தப்பு. நாளைலேர்ந்து நீ பேச வேணாம், உன் லீடே பேசட்டும்.' நான் பதில் சொல்லவில்லை. 4.35க்கு கூட்டம் முடிந்தது. தாமதத்தில் ஒரு நாள் என் திட்டமிடல் பிழை. ஒரு நாள் கிளையன்ட் டேட்டா தராததால். நாளைய கிளையன்ட் கால் அழைப்பிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டது. இரவு 9.30க்கு எழுதியது."

தேதி, நேரம், இடம், எத்தனை பேர் இருந்தார்கள், பேசிய மொழியிலேயே பேசிய சொற்கள், அதன் பிறகு வேலையில் என்ன மாறியது எல்லாம் இதில் இருக்கிறது. "கொடூரமாக", "வேண்டுமென்றே" போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்ட அந்த வரியைப் பாருங்கள். படிப்பவர் மற்ற வரிகளையும் நம்புவது அதனால்தான்.

தைத்த நோட்டில், பக்க எண் போட்டு, பேனாவால், அன்றிரவே எழுத வேண்டும். தவறு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப்பில் எழுதவே கூடாது. அது கம்பெனியின் சொத்து. கணக்கை முடக்கும் நாளில் நோட்டும் சேர்ந்து போய்விடும். கிளையன்ட் பெயர், ப்ராஜெக்ட் ரகசியம் எதையும் எழுத வேண்டாம்.

எதை எழுதுவது, எதை விடுவது? வேலையில் கோபப்பட்டதையெல்லாம் எழுதினால் நோட்டு ஒரு வாரத்தில் நிரம்பிவிடும். ஜப்பானில் 2020 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் இதற்கு மூன்று கேள்வி வைத்திருக்கிறது: மேல்நிலையைப் பயன்படுத்திச் செய்ததா, வேலைக்குத் தேவையான அளவைத் தாண்டியதா, வேலைச் சூழலைக் கெடுத்ததா. நம் ஊர்ச் சட்டம் இல்லைதான், ஆனால் சல்லடையாக நன்றாக வேலை செய்கிறது. "ரிப்போர்ட் ஏன் லேட்?" என்று கத்துவது இரண்டாவது கேள்வியில் நின்றுவிடும். "நாளைலேர்ந்து நீ பேச வேணாம்" மூன்றையும் தாண்டிவிடும். இன்னொன்று, இந்தத் துறையில் முன்னோடியான ஹைன்ஸ் லேமன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்வதைத்தான் மிரட்டல் என்று வரையறுத்தார். அத்தனை நாள் பொறுத்திருங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே ஒரு பெரிய சண்டையைவிட, சின்னச் சின்னதாகத் தொடர்ந்து நடப்பதுதான் கணக்கில் வரும். அந்தத் தொடர்ச்சியைக் காட்ட டைரியை விட்டால் வேறு வழி இல்லை.

டைரியின் குறை அது ஒருவர் சொல் என்பதுதான். சாட்சி சொல்லும்போது அன்றே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளச் சட்டம் விடுகிறது. ஆனாலும் ஹெட் "நான் சொல்லல" என்றால் டைரி மட்டும் எதிர்த்து நிற்காது. உத்தரவு எங்கிருந்து வந்தது என்ற அளவுகோலில் டைரிக்குப் பாதி மதிப்பெண்தான்.

அன்றே போடும் உறுதி மெயில்

வாய்மொழியாக வந்த உத்தரவை, நான் புரிந்துகொண்டது இதுதானே என்று அதே ஆளுக்கு மெயிலில் திருப்பி அனுப்புவது. என் கணக்கில் நடு மேனேஜருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

மே மாதம் மறுபடி ஒரு ஞாயிறு ரிலீஸ். மறுபடி போன், மறுபடி அதே உத்தரவு. இந்தத் தடவை தோழி 12.10க்கு ஒரு மெயில் போட்டாள். ஆங்கிலத்தில் போனது, சாரம் இது:

"இன்று காலை பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஞாயிறு ரிலீஸுக்கு ஆறு பேர் வரவேண்டும். அந்த நேரத்தை டைம்ஷீட்டில் பதிய வேண்டாம். காம்ப் ஆஃப் பற்றிப் பிறகு முடிவு செய்யலாம். டைம்ஷீட் விஷயம் நம் பாலிசிக்குச் சரியாக வருமா என்று எனக்குத் தெளிவில்லை, ஹெச்ஆரிடம் கேட்டுக்கொள்ளட்டுமா? நாளை மதியத்துக்குள் சொன்னால் டீமுக்குத் தெரிவிக்க வசதியாக இருக்கும்."

12.40க்கு போன் வந்தது. "எதுக்கு எல்லாத்தையும் மெயில்ல போடற? கேஸ் போடப் போறியா?" சாயங்காலம் ஒரு மெயிலும் வந்தது, ஒரே வரி: டைம்ஷீட்டைப் பாலிசிப்படி பதியவும். ஆறு பேரும் தங்கள் நேரத்தைப் பதிந்தார்கள்.

இந்த மெயில் ஆதாரமாக மட்டும் நிற்கவில்லை, உத்தரவையே மாற்றிவிட்டது. பொதுவாக மூன்றில் ஒன்று நடக்கும்: உத்தரவு வாபஸ் ஆகும், அல்லது பதிலே வராது, அல்லது "நான் அப்படிச் சொல்லலயே" என்று எழுத்தில் வரும். மூன்றுமே உங்களுக்கு நல்லதுதான். பதில் வராவிட்டாலும் மெயில் போன நேரமும், அவர் மறுக்கவில்லை என்பதும் கம்பெனியின் சர்வரில் இருக்கின்றன. 12.40க்கு வந்த போன் மட்டும் மெயிலில் இருக்காது. அன்று இரவு அது நோட்டுக்குப் போனது.

அந்த மெயிலில் முக்கியமான வரி ஹெச்ஆரிடம் கேட்கட்டுமா என்பதுதான். அதை விட்டுவிட்டு "நீங்கள் சொன்னபடி டைம்ஷீட்டில் போட வேண்டாம் என்று டீமிடம் சொல்லிவிடுகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தால், அது அவளுக்கு எதிரான ஆதாரமாகவும் ஆகியிருக்கும். தவறு என்று தெரிந்தும் நிறைவேற்றியிருக்கிறாயே என்று கேட்பார்கள். உறுதி மெயில் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மெயில் போட்டால் கெட்டுவிடும். தினமும் மூன்று மெயில் போனால் ஒத்துழைக்காத ஆள் என்ற பெயர் உங்களுக்கு வரும், படிக்கிற ஹெச்ஆருக்கும் அலுப்பு வரும். நேரப் பதிவு, லீவு, பணம், ரேட்டிங், ஆளை பிஐபி என்ற செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் போடுவது, பாலிசியை மீறுவது என்று இவற்றைத் தொடும் உத்தரவுகளுக்கு மட்டும் போதும். "துன்புறுத்தல்", "மிரட்டல்" என்ற சொற்கள் இந்த மெயில்களில் வரவே கூடாது. வேலை மெயில் மாதிரியே இருக்கட்டும்; அதன் பலமே அந்தச் சாதாரணத் தோற்றத்தில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப், சாட்

மெயிலில் மாட்டிக்கொள்ளத் தெரிந்த சீனியர்கள் கடுமையான விஷயங்களை வாட்ஸ்அப்பில்தான் வைத்துக்கொள்வார்கள். அனுப்பியவர் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான நேரம்வரை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடலாம். தானாக மறையும் செட்டிங் போட்டிருந்தால் 24 மணி நேரத்திலேயே போய்விடலாம். எனவே வந்ததும் படம் எடுத்துவிடுங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, அதற்கு முந்தைய இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். ஒரே ஒரு வரியை வெட்டியெடுத்த படத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

படத்தைவிட சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்லது. இரண்டையும்விட முக்கியம் அந்தப் போனை மாற்றாமல் வைத்திருப்பது. மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்க, 2024 ஜூலையில் வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும்; பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பு, நிபுணர் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. மூலக் கருவியே கையில் இருந்தால் வேலை எளிது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போனைக் கொடுத்துவிட்டுப் பின்னால் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

டீம்ஸ் போன்ற ஆபீஸ் சாட் வேறு கதை. அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கம்பெனிதான் முடிவு செய்கிறது. அதில் வந்த உத்தரவையும் மெயிலில் உறுதி செய்துவிடுவது பாதுகாப்பு.

ரெக்கார்டிங்

கேட்பவர் எல்லோருக்கும் இதுதான் ஆசை. ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கி அதிகாரி ஆன்லைன் கூட்டத்தில் ஊழியர்களைத் திட்டிய வீடியோ நாடு முழுக்கப் பரவி, வங்கி அவரை சஸ்பெண்ட் செய்தது. அதைப் பார்த்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது.

நானே பேசும் உரையாடலை நானே பதிவு செய்வதற்கு நேரடித் தடை இந்தியாவில் இல்லை. பதிவு செய்த பேச்சை 1972லேயே உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றிருக்கிறது. தடை வருவது கம்பெனி விதியிலிருந்து. பல ஐடி நிறுவனங்களின் நடத்தை விதிகளில் அனுமதியில்லாமல் பதிவு செய்வது ஒழுங்கு மீறல். ரிவ்யூ கூட்டத்தில் கிளையன்ட் விவரமும் வரும் என்பதால் ரகசியக் காப்பு மீறலும் சேர்ந்துகொள்ளும். ஹெட் திட்டியதைப் பற்றிய விசாரணை, நீங்கள் ரெக்கார்ட் செய்ததைப் பற்றிய விசாரணையாகத் திரும்பிவிடும். இதில் டீம் ஆட்கள் குரலும் பதிவாகியிருக்கும். மேனேஜர் எங்களையும் ரெக்கார்ட் செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தால், உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச ஆதரவும் போய்விடும்.

நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. கூகுள் போன் ஆப்பும் சரி, ஐபோனும் சரி, பதிவு தொடங்கும்போது எதிர்முனைக்கு அறிவித்துவிடும். அதைக் கேட்டபின் எந்த ஹெட்டும் டைம்ஷீட்டைப் பற்றிப் பேச மாட்டார். கம்பெனியே பதிவு செய்த கூட்டம் என்றால் கவலையில்லை, கேட்டு வாங்கலாம். ஆனால் டீம்ஸில் பதிவுகள் வழக்கமாக 120 நாளில் காலாவதியாகும், கம்பெனி அதைக் குறைத்தும் வைத்திருக்கலாம். எந்தக் கூட்டம், எந்தத் தேதி என்று டைரியில் குறித்து அதற்குள் கேளுங்கள்.

உடல்ரீதியான மிரட்டல், பாலியல் பேச்சு, சாதி இழிவு என்றால் என் கருத்து மாறும். போலீஸ்வரை போகக்கூடிய விஷயத்தில் கம்பெனி விதியை நினைத்துக்கொண்டிருக்க முடியாது; ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். டைம்ஷீட்டுக்கும் ரிவ்யூ அவமானத்துக்கும் இது தேவையில்லை.

மெயிலை ஜிமெயிலுக்கு அனுப்பிவைப்பது

செய்யாதீர்கள். நல்ல ஆதாரத்தோடு இருந்தவர்கள் சறுக்கியது பெரும்பாலும் இங்கேதான். ஆபீஸ் மெயிலை வெளி முகவரிக்கு அனுப்பினால் தகவல் கசிவைக் கண்காணிக்கும் மென்பொருள் அன்றே பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லிவிடும். பிசிசியில் போட்டாலும் அப்படியே. ஹெட்டுக்கு அதுவரை கிடைக்காத காரணம் ஒன்றை நீங்களே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக மெயிலின் தேதி, நேரம், அனுப்பியவர், சப்ஜெக்ட் வரி ஆகியவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள். விசாரணை வரும்போது "மே மாதம் இந்தத் தேதி 12.10க்கு நான் அனுப்பிய மெயிலையும் மாலை வந்த பதிலையும் எடுத்துப் பாருங்கள்" என்று சொன்னால் போதும். அவர்களே சர்வரிலிருந்து எடுத்த மெயிலைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், உங்களுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம் இவையெல்லாம் உங்கள் பெயரில் உங்களுக்கே தந்தவை. அவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகச் சேர்க்கிறீர்கள்?

இதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் தேர்வு எளிது. வேலையை விடப்போகிறேன், ரிலீவிங் லெட்டரும் கடைசி செட்டில்மென்ட்டும் சிக்கல் இல்லாமல் வந்தால் போதும் என்பவருக்கு நோட்டும் நான்கைந்து உறுதி மெயிலும் தாராளம். அங்கேயே இருந்து வேறு ப்ராஜெக்டுக்கு மாற வேண்டும் என்பவர் ஹெச்ஆரிடம் போக வேண்டிவரும். அவருக்கு மெயில்தான் முதுகெலும்பு, டைரி அதற்குத் துணை. நீக்கப்படுவேன் என்று தெரிந்தவர் சீக்கிரமே ஒரு தொழிலாளர் வக்கீலைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் போனைப் பத்திரப்படுத்துவதும், உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது என்று எழுதிவைத்த அந்தப் பக்கமும் அவருக்குத்தான் அதிகம் தேவை.

தோழி இரண்டாவது ரகம். ஜூன் கடைசியில் அவளிடம் பதினோரு வாரக் குறிப்பு சேர்ந்திருந்தது. நோட்டை அப்படியே கொடுக்காமல், அதிலிருந்தும் அதற்கு முன் நடந்ததிலிருந்தும் ஏழு சம்பவங்களை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்தில் ஒரு பட்டியல் தயாரித்தாள். தேதி, நடந்தது, உடனிருந்தவர்கள், எந்த மெயிலில் தடயம் இருக்கிறது என்று நான்கு கட்டம். நானூறு சம்பவம் இருந்தாலும் ஹெச்ஆர் படிக்கப்போவது முதல் இரண்டு பக்கம்தான்.

அதில் டைம்ஷீட்டை முதலில் வைத்தாள், திட்டியதைக் கடைசியில் வைத்தாள். அது எதேச்சையாக நடந்தது இல்லை. அவர்களுடையது ஃபிக்ஸ்டு பிரைஸ் ப்ராஜெக்ட். பதிந்த மணி நேரம் கூடினால் செலவு கூடும், ஹெட் மேலே காட்டும் லாபம் குறையும். ஞாயிற்றுக்கிழமை நேரம் மறைந்தால் யாருக்கு லாபம் என்று எண்களே சொல்லிவிடும். "கத்துகிறார்" என்ற புகாரை வேலை பார்க்கும் பாணி என்று ஒதுக்கிவிடலாம். "பொய்க் கணக்கு" என்பதை அப்படி ஒதுக்க முடியாது. பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளில் இந்த மாதிரிப் புகாரைச் சொல்ல விஜில் மெக்கானிசம் என்ற தனி வழி இருந்தே ஆக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு. புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் காக்கும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும். ஹெச்ஆர் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்து அங்கே போவது என்று அவள் வைத்திருந்தாள்.

டீம் ஆட்களிடம் "எனக்காக எழுதிக் கொடுங்கள்" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இன்னொரு மிரட்டலாகத் தெரிந்திருக்கும். அவர்கள் ரேட்டிங் அவள் கையில் இருக்கிறதே. யார் யார் கூட்டத்தில் இருந்தார்கள் என்று மட்டும் குறிப்பிட்டாள். ஹெச்ஆரே இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர்களில் ஒருவர், மார்ச்சில் அவள் மேலேயே புகார் கொடுத்தவர்.

விசாரணை ஐந்து வாரம் நடந்தது. மே மாத மெயிலை சர்வரிலிருந்து எடுத்தார்கள். ஏப்ரல் 17ஆம் தேதி கிளையன்ட் கால் அழைப்பிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது காலண்டரில் இருந்தது. ஆகஸ்டில் அவளை வேறு அக்கவுண்டுக்கு மாற்றினார்கள். மார்ச் ஞாயிற்றுக்கிழமை வந்த ஆறு பேருக்கும் காம்ப் ஆஃப் கிடைத்தது. ஹெட் அதே இடத்தில்தான் இருக்கிறார். அவருக்கு என்ன சொன்னார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழு சம்பவங்களில் ஆறை ஹெச்ஆர் ஏற்றுக்கொண்டது. ஏற்காதது முதல் சம்பவத்தை, மார்ச் 4 காலை 11 மணிப் போனை. அப்போது அவளிடம் நோட்டும் இல்லை, மெயிலும் போடவில்லை. அந்த உத்தரவைப் பற்றி அவள் பைலில் இன்றும் இருக்கும் வரி இது: "மேனேஜர் வாய்மொழியாகக் கூறியது. மூலம் உறுதியாகவில்லை."